லேபிளின் ஓரத்தில் இருந்த ‘பிறகு’

சித்தப்பா போனில் கேட்ட கேள்வி இதுதான்: “ஏம்மா, மத்தியானத்துக்கு மூணு மாத்திரை குடுக்கணும்னு இருக்கு. காலையிலதான் நாலு குடுத்தேன். மூணையும் இப்பவே குடுத்துடலாமா, சாப்பிட்டு கொஞ்ச நேரம் கழிச்சா?”

சித்தி முந்தைய நாள்தான் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். நுரையீரலில் ஒவ்வாமையால் வந்த வீக்கம். பிரட்னிசோலோன் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது ஸ்டீராய்டு வகை மருந்து. நான் இருபது வருஷம் மருந்தாளுநராக வேலை பார்த்தவள். அந்த மருந்தை மத்தியானம் மூன்று என்று பிரித்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. “சித்தப்பா, கையில இருக்கறத கீழ வைங்க. எதப் பார்த்துச் சொல்றீங்க?” என்றேன்.

அவர் பார்த்தது ஒரு தாள். சித்தி மகன், என் தம்பி, வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். மருந்து பாட்டிலைச் சித்தப்பா போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்ப, அவன் அதிலிருந்து பெரிய எழுத்தில் எழுதி அச்செடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தான். கண் மங்கலான அப்பாவுக்குப் பாட்டிலின் பொடி எழுத்து புரியாதே என்ற அக்கறையில் செய்தது. தாளில் இருந்தது இவ்வளவுதான்:

தினமும்
4 – 3 நாள்
3 – 3 நாள்
2 – 3 நாள்
1 – 3 நாள்

சித்தப்பா இதை இப்படிப் படித்தார்: தினமும் நான்கு வேளை. காலை நான்கு, மத்தியானம் மூன்று, சாயங்காலம் இரண்டு, ராத்திரி ஒன்று. மூன்று நாளைக்கு. எனக்கு உடம்பு நடுங்கியது அடுத்து அவர் சொன்னதைக் கேட்டுத்தான். “நான் பாட்டில எண்ணிப் பாத்துட்டேன்மா. முப்பது மாத்திரை இருந்துச்சு. ஒரு நாளைக்குப் பத்து, மூணு நாளைக்கு முப்பது. கணக்கு சரியாத்தான் இருக்கு.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மருந்துதான் தப்பாகப் போகவிருந்தது.

தம்பியிடம் மூலப் படத்தை அனுப்பச் சொன்னேன். பிறகு சித்தப்பாவிடம் பாட்டிலை மெல்லத் திருப்பித் திருப்பி மூன்று படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முழு லேபிள் கைக்கு வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை அதே வரி அமைப்பில் தமிழில் தருகிறேன்:

பிரட்னிசோலோன் 10 மி.கி. மாத்திரை
தினமும் ஒரு முறை, காலையில் உட்கொள்ளவும்:
4 மாத்திரை 3 நாட்கள், பிறகு
3 மாத்திரை 3 நாட்கள், பிறகு
2 மாத்திரை 3 நாட்கள், பிறகு
1 மாத்திரை 3 நாட்கள், பிறகு நிறுத்தவும்
எண்ணிக்கை: 30

அதாவது ஒரு நாளைக்கு ஒரே வேளைதான். முதல் மூன்று நாள் காலையில் நான்கு, அடுத்த மூன்று நாள் காலையில் மூன்று என்று இறங்கி வந்து, பன்னிரண்டாம் நாளோடு முடிகிறது. மருந்தைப் படிப்படியாகக் குறைப்பது. ஒரு நாளைக்கு 40 மி.கி.யில் தொடங்கி 10 மி.கி. வரை. சித்தப்பா படித்தபடி கொடுத்திருந்தால் ஒரே நாளில் 100 மி.கி. போயிருக்கும், அதுவும் ராத்திரி வரை. மூன்றாம் நாள் பாட்டில் காலியாகி, நான்காம் நாள் ஒன்றுமே இல்லாமல் நின்றிருக்கும்.

முதல் படத்தைப் பார்த்தால் தம்பிமேல் குறை சொல்ல முடியாது. பாட்டில் உருண்டை. லேபிள் அதைச் சுற்றி ஒட்டியிருக்கிறது. நேராக வைத்து எடுத்த படத்தில் வலது ஓரம் வளைந்து பின்னால் போய்விட்டது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இருந்த ‘பிறகு’ படத்திலேயே இல்லை. ‘நிறுத்தவும்’ இல்லை. மேல் வரியின்மேல் ஃபிளாஷ் பட்டு வெள்ளையாகத் திட்டு விழுந்திருந்தது. அதில் ‘ஒரு முறை’யும் ‘காலையில்’ என்பதும் மறைந்து ‘தினமும்’ மட்டும் தப்பியிருந்தது. ஆக, அளவு வரிகளில் படத்தில் தெரிந்த எல்லாவற்றையும் தம்பி ஒழுங்காகத்தான் எழுதினான். ‘மாத்திரை’ என்ற சொல்லை மட்டும் இடத்தை மிச்சம் பிடிக்க விட்டுவிட்டான்.

படம் பார்த்து எழுதுகிறவர்கள் எண்களைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறார்கள். 3-ஆ 8-ஆ, 1-ஆ 7-ஆ என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். அது தேவைதான். ஆனால் சித்தி வீட்டுத் தாளில் ஒரு எண்கூடத் தப்பில்லை. விட்டுப்போனவை எல்லாம் சின்னச் சின்னச் சொற்கள். அந்தச் சொற்கள் இல்லாததால் அதே எண்கள் வேறொரு மருத்துவம் ஆகிவிட்டன.

எண்ணிக்கைக் கணக்கைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதை நானே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறேன். லேபிளில் மொத்தம் எத்தனை மாத்திரை என்று பெரும்பாலும் போட்டிருக்கும். எழுதிய அளவைக் கூட்டிப் பார்த்து அதோடு ஒப்பிட்டால் பல தவறுகள் உடனே அகப்படும். முதல் வரியில் இருக்கும் ‘3 நாட்கள்’ என்பதை மங்கலில் ‘8 நாட்கள்’ என்று படித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாத்திரை எட்டு நாளைக்கு 32. அதோடு ஒன்பது, ஆறு, மூன்று சேர்த்தால் 50. பாட்டிலில் 30 தான் இருக்கிறது. எங்கேயோ தப்பு என்று தெரிந்துவிடும்.

சரியான கணக்கு 12, 9, 6, 3. கூட்டினால் 30.

ஆனால் சித்தப்பாவின் கணக்கும் 30 தான். நான்கும் மூன்றும் இரண்டும் ஒன்றும் பத்து, மூன்று நாளைக்கு முப்பது. இன்னொன்றும் இருக்கிறது. தாளில் ‘4 – 3’ என்று வெறும் எண்ணாக எழுதினால், எது மாத்திரை எது நாள் என்று யாராவது மாற்றிப் படிக்கலாம். மூன்று மாத்திரை நான்கு நாள், மூன்று மாத்திரை மூன்று நாள், மூன்று மாத்திரை இரண்டு நாள், மூன்று மாத்திரை ஒரு நாள். இதுவும் 12, 9, 6, 3. இதுவும் 30. ஆனால் இப்படிக் கொடுத்தால் பத்து நாளும் மூன்று மூன்றாகப் போய், குறைப்பதே இல்லாமல் பட்டென்று நின்றுவிடும். ஒரே முப்பது, மூன்று வெவ்வேறு படிப்புக்கும் ஒத்துவருகிறது. பெருக்கலில் எதை முன்னே போட்டாலும் விடை ஒன்றுதானே.

அதனால் இப்போதெல்லாம் நான் இரண்டு கணக்கு போடுகிறேன். மொத்த மாத்திரை எத்தனை, மொத்த நாள் எத்தனை. சரியான படிப்பில் 30 மாத்திரை, 12 நாள். மாற்றிப் படித்தால் 30 மாத்திரை, 10 நாள். சித்தப்பா படித்தபடி 30 மாத்திரை, 3 நாள். இரண்டாவது எண் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் லேபிளில் மொத்த நாள் பொதுவாக அச்சாகி இருக்காது. மருத்துவர் எத்தனை நாளைக்கு என்று சொன்னார், அடுத்து எப்போது வரச் சொன்னார் என்று கேட்டுத்தான் ஒப்பிட வேண்டும். சித்தியிடம் கேட்டபோது, “ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க, அதுக்குள்ள மாத்திரை முடிஞ்சிடும்னாங்க” என்றாள். மூன்று நாளில் முடியும் மருந்தைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இதைவிட நேரான வழி, எண்ணைத் தனியாக விடாமல் அதன் பெயரோடு சேர்த்தே எழுதுவது. லேபிளில் ‘4 மாத்திரை’ என்று இருந்தால் தாளிலும் ‘4 மாத்திரை’. கட்டம் போட்டு மேலே தலைப்பில் ஒரு முறை ‘மாத்திரை’, ‘நாள்’ என்று எழுதிக் கீழே வெறும் எண்களை அடுக்குவதுகூட எனக்குப் பிடிக்காது. தாள் மடியும், மேல் வரி கிழியும், யாராவது கீழ்ப் பாதியை மட்டும் படம் எடுத்து இன்னொருவருக்கு அனுப்புவார்கள்.

லேபிள் ஒரு வரியை ஒரு முறைதான் சொல்லும் என்பதையும் கவனிக்க வேண்டும். இடம் குறைவு. ‘தினமும் ஒரு முறை, காலையில்’ என்பது மேலே ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. கீழே உள்ள நான்கு வரியும் அதன்கீழ் அடக்கம். மேல் வரி போனால் நான்கு வரியும் அநாதை. யாராவது இந்த நான்கையும் போனில் நான்கு தனித்தனி நினைவூட்டலாகப் போட்டாலும் இதே கதைதான் நடக்கும். படியெடுக்கும்போது ஒரே மருந்தின் வரிகளைப் பிரிக்காமல், மேலிருந்து கீழ் வரை ஒரே கட்டாக, லேபிளில் எந்த வரி எங்கே முடிகிறதோ அங்கேயே முடித்து எழுதினால், படத்தையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி சரிபார்க்க முடியும். அழகாக மாற்றி அமைத்துவிட்டால் எது விட்டுப்போனது என்று கண்ணுக்குத் தெரியாது.

படம் எடுப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுப்பது நல்லது. பளபளப்பான லேபிளில் ஃபிளாஷ் எந்த இடத்தில் விழுகிறதோ அந்த இடத்துச் சொல் போய்விடும், போனது தெரியவும் தெரியாது. உருண்டைப் பாட்டிலாக இருந்தால் ஒரு படம் போதாது. இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று திருப்பி எடுக்க வேண்டும். ஒரு படத்தின் ஓரத்தில் தெரிந்த சொல் அடுத்த படத்தின் நடுவிலும் தெரிய வேண்டும். அப்போதுதான் இரண்டுக்கும் இடையில் எதுவும் விழுந்துவிடவில்லை என்று உறுதி. ‘3 நாட்கள்’ என்பது இரண்டு படத்திலும் இருந்ததால்தான் அதற்கு அடுத்து வருவது ‘பிறகு’ என்று எனக்கு ஐயமில்லாமல் தெரிந்தது. ஒரு வரி கமாவோடு முடிகிறது, அல்லது கடைசி எழுத்து பாதி வெட்டுப்பட்டிருக்கிறது என்றால் இன்னும் ஏதோ இருக்கிறது என்று பொருள். தம்பிக்கு வந்த படத்தை நான் பெரிதாக்கியபோது இரண்டாவது வரியில் ‘நாட்கள்’ என்பதற்குப் பிறகு ஒரு கமாவின் வால் தெரிந்தது. அந்த வால்தான் எனக்கு முதல் துப்பு.

வாங்கிய அன்றே எடுத்துவிடுவதும் முக்கியம். பல லேபிள்கள் மையில் அச்சானவை அல்ல. வெப்பம் பட்டால் கறுக்கும் தாளில் அச்சானவை. வெயிலிலும் சூட்டிலும் கிடந்தால் எழுத்து வெளுக்கும், அல்லது தாளே கறுத்துப்போகும். திரவ மருந்துப் பாட்டிலில் மருந்து வழிந்து லேபிள்மேல் இறங்கினால் முதலில் காணாமல் போவது தசமப் புள்ளி. 2.5 மில்லி என்பது 25 ஆகத் தெரிய ஒரு சொட்டு போதும். குழந்தைகளின் மருந்தில் எனக்கு எப்போதும் பயம் இந்த இடத்தில்தான். எண்களுக்கு நடுவில் வழக்கத்தைவிட அகலமான இடைவெளி இருந்தால் அங்கே ஒரு புள்ளி இருந்திருக்கலாம். ஆனால் ‘இருந்திருக்கலாம்’ என்பதை வைத்து நாமே புள்ளி வைத்துவிடக் கூடாது. அந்த இடத்தில் ‘தெளிவில்லை’ என்று எழுதிவிட்டு, மருந்து தந்த இடத்துக்குப் போன் செய்து கேட்க வேண்டும். அவர்களிடம் அந்தச் சீட்டின் பதிவு இருக்கும். கேட்டு உறுதியாகும்வரை அந்த வேளை மருந்தை அளக்கக் கூடாது.

இனி எச்சரிக்கைகள். சித்தியின் பாட்டிலில் பக்கவாட்டில் இரண்டு சின்ன ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. ஒன்று: ‘உணவுடன் அல்லது உணவு உண்ட உடனே உட்கொள்ளவும்.’ இன்னொன்று: ‘மருத்துவர் நிறுத்தச் சொன்னால் தவிர இந்த மருந்தை நிறுத்த வேண்டாம்.’ தம்பியின் படத்தில் இரண்டுமே இல்லை. அவை பாட்டிலின் பின்பக்கம். நான் இவற்றையும் எழுதச் சொன்னபோது தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டான். “அக்கா, மேல ‘பிறகு நிறுத்தவும்’னு இருக்கு. கீழ ‘நிறுத்த வேண்டாம்’னு இருக்கு. ரெண்டையும் எழுதினா அப்பா குழம்பிடுவாரே. ஒண்ண எடுத்துடட்டுமா?”

இப்படித்தான் எச்சரிக்கைகள் காணாமல் போகின்றன. எழுதுகிறவருக்கு இரண்டு வரி முரண்படுவதுபோலத் தெரியும். படிக்கிறவர்மேல் உள்ள அக்கறையில் ஒன்றை எடுத்துவிடுவார். ஆனால் இரண்டும் இரண்டு விஷயம். ஸ்டிக்கர் சொல்வது, உடம்பு தேறிவிட்டதே என்று நாமாகப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதை. இந்த வகை மருந்தை நிறைய நாள் எடுத்துக்கொண்டால், உடம்பு தானே சுரக்கும் அதே வகை ஹார்மோனைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் உடம்பால் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். அதனால்தான் அந்த ஸ்டிக்கர். மேலே உள்ள ‘பிறகு நிறுத்தவும்’ என்பது மருத்துவரே நிறுத்தச் சொன்னது, பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு. ‘மருத்துவர் நிறுத்தச் சொன்னால் தவிர’ என்ற பகுதி இரண்டையும் இணைக்கிறது. ஸ்டிக்கரைச் சுருக்கி ‘நிறுத்த வேண்டாம்’ என்று மட்டும் எழுதியிருந்தால்தான் முரண் வந்திருக்கும்.

இதை நான் தம்பிக்குப் போனில் விளக்கினேன். ஆனாலும் தாளில் என் விளக்கத்தை லேபிள் வரிகளுக்கு நடுவில் எழுத விடவில்லை. லேபிளில் உள்ளது உள்ளபடி மேலே. அதன்கீழ் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, மருந்தகத்தில் கேட்டு அவர்கள் சொன்னதை, யார் எந்தத் தேதியில் சொன்னார்கள் என்பதோடு எழுதச் சொன்னேன். நான் வேலை பார்த்த அனுபவம் இருந்தாலும் சித்தியின் சீட்டு என் கையில் இல்லை. மருந்தகத்தில் பேசியபோது, மாத்திரை முடிந்ததும் நிறுத்தலாம், அதற்குள் மூச்சுத் திணறல் திரும்பினால் உடனே கூப்பிடுங்கள் என்றார்கள். அது கோட்டுக்குக் கீழே போனது. நாளைக்கு இன்னொருவர் அந்தத் தாளைப் பார்த்தாலும், லேபிள் சொன்னது எது, வீட்டில் சேர்த்தது எது என்று தெரிய வேண்டும்.

எச்சரிக்கைகளின் இடத்தையும் மாற்றக் கூடாது. அளவுக்குக் கீழே ஒட்டிய எச்சரிக்கை அந்த மருந்துக்கு உரியது. மூன்று நான்கு மருந்தைப் படியெடுக்கும்போது சிலர் எல்லா எச்சரிக்கையையும் கடைசியில் ஒன்றாகத் தொகுத்துவிடுகிறார்கள். ‘உணவுடன்’ என்று ஒன்று, ‘வெறும் வயிற்றில்’ என்று ஒன்று, ‘மென்று விழுங்கக் கூடாது’ என்று ஒன்று. எது எந்த மாத்திரைக்கு என்று அப்புறம் யாருக்கும் தெரியாது.

வலி மாத்திரையில் வேறு மாதிரி. ‘தேவைப்பட்டால் 1 அல்லது 2 மாத்திரை, ஒரு நாளைக்கு 4 முறை வரை, 24 மணி நேரத்தில் 8 மாத்திரைக்கு மேல் கூடாது’ என்று 500 மி.கி. பாராசிட்டமால் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். இதை ‘2 மாத்திரை 4 வேளை’ என்று எழுதிவிடுவார்கள். ‘தேவைப்பட்டால்’ போயிற்று, ‘வரை’ போயிற்று. உச்சவரம்பாக இருந்தது கட்டாய அளவாக மாறிவிட்டது. இதன்கூடவே, பாராசிட்டமால் உள்ள வேறு மருந்தோடு சேர்க்க வேண்டாம் என்று ஒரு வரி இருக்கும். சளி மருந்து ஒன்றும் அதே அலமாரியில் இருந்தால் அந்த வரிதான் கல்லீரலைக் காப்பாற்றும்.

‘8 மணி நேரத்துக்கு ஒரு முறை’ என்பதை ‘மூன்று வேளை’ என்று எழுதுவதும் அப்படித்தான். மூன்று வேளை என்றதும் காலை, மத்தியானம், ராத்திரி என்று நினைப்போம். காலை 8, மதியம் 1, ராத்திரி 8 என்று கொடுத்தால் நடுவில் ஐந்து மணி நேரம், ஏழு மணி நேரம், பிறகு பன்னிரண்டு மணி நேரம். மருந்தின் அளவு ரத்தத்தில் சீராக இருக்க வேண்டும் என்றுதான் மணிக்கணக்கில் எழுதியிருப்பார்கள். லேபிள் மணிக்கணக்கில் சொன்னால் தாளும் மணிக்கணக்கிலேயே சொல்ல வேண்டும்.

ஒரு சொல் மாறியதால் உயிரே போயிருக்கிறது என்றால் அது மெத்தோட்ரெக்சேட். மூட்டு வாதத்துக்கு வாரம் ஒரு முறை மட்டும் எடுக்கும் மருந்து. ‘வாரம்’ என்பது ‘தினம்’ என்று ஆனதால் பல நாடுகளில் மரணங்கள் நடந்திருக்கின்றன. மாத்திரை விழுங்குவது என்றாலே தினமும் என்றுதான் நம் கை எழுதும். அதனால்தான் எந்தக் கிழமை என்று பெயரோடு எழுத வேண்டும் என்று பாதுகாப்பு வழிமுறைகள் சொல்கின்றன. அந்த மருந்தின் லேபிளில் கிழமை இல்லையென்றால் நான் படியெடுக்கவே மாட்டேன், முதலில் கேட்பேன்.

மாத்திரையின் பலத்தையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பதற்கும் சித்தியின் மருந்தே உதாரணம். பிரட்னிசோலோன் 5 மி.கி.யிலும் உண்டு, 10 மி.கி.யிலும் உண்டு. அடுத்த முறை 5 மி.கி. தந்தால் லேபிளில் ‘8 மாத்திரை’ என்று அச்சாகி வரும். பழைய தாளில் ‘4 மாத்திரை’ என்று மட்டும் இருந்து, அதைப் பார்த்துக் கொடுத்தால் பாதி மருந்துதான் போகும். தாளின் தலையில் மருந்தின் பெயர், பலம், லேபிளில் உள்ள தேதி மூன்றும் இருந்தால், புதுப் பாட்டிலோடு ஒப்பிட்டதும் இது அந்தத் தாள் இல்லை என்று தெரிந்துவிடும்.

அன்றைக்கு மத்தியானம் தம்பி புதிதாக எழுதி அனுப்பினான். அதைச் சித்தப்பா பாட்டிலைப் பார்த்துச் சரிபார்க்க முடியாது, பொடி எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் மூன்று பேரும் போனில் இருந்தோம். நான் படத்தைப் பார்த்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தேன். சித்தப்பா தாளில் விரல் வைத்து, தன் தாளில் இருப்பதை எனக்குத் திருப்பிச் சொன்னார். மேலிருந்து கீழ் ஒரு முறை, கீழிருந்து மேல் ஒரு முறை. கீழிருந்து படித்தால் அடுத்து என்ன வரும் என்று மனசு முந்திக்கொள்ளாது, கண் உள்ளதை மட்டும் பார்க்கும். எழுதியவனே சரிபார்த்தால் போதாதா என்று தம்பி கேட்டான். எழுதியவன் கண்ணுக்கு, தான் எழுத நினைத்ததுதான் தெரியும்.

அதற்குப் பிறகுதான் நாட்காட்டி. படியெடுத்த தாள் ஒன்று, அதிலிருந்து போட்ட நாட்காட்டி இன்னொன்று, இரண்டையும் கலக்கவில்லை. சித்தி முதல் நான்கு மாத்திரையை எடுத்தது 7-ஆம் தேதி காலை. அப்படியென்றால் 7, 8, 9 நான்கு மாத்திரை. 10, 11, 12 மூன்று மாத்திரை. 13, 14, 15 இரண்டு மாத்திரை. 16, 17, 18 ஒரு மாத்திரை. தம்பி முதலில் 7-லிருந்து 10 வரை நான்கு என்று போட்டுவிட்டான். ஏழோடு மூன்று கூட்டினால் பத்துதானே என்றான். தொடங்கிய நாளும் ஒரு நாள் என்பதை எல்லோரும் ஒரு முறையாவது மறப்பார்கள். பன்னிரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் தேதி, ‘காலை, உணவு உண்ட உடனே’, ‘4 மாத்திரை’ என்று எழுத வைத்தோம். கட்டத்தில் இருந்த மாத்திரைகளைக் கூட்டினோம், 30. கட்டங்களை எண்ணினோம், 12.

பழைய தாளை என்ன செய்தீர்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். மேஜை டிராயரில் இருக்கிறது என்றார். நான் போனில் இருக்கும்போதே கிழித்துப்போடச் சொன்னேன். கிழியும் சத்தம் கேட்டது.

18-ஆம் தேதி காலை எட்டரை மணிக்கு அவரே கூப்பிட்டார். “கடைசி மாத்திரை குடுத்தாச்சும்மா. பாட்டில் காலி, கட்டமும் காலி.” சித்தி பின்னாலிருந்து, நாளைக்கு மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பாட்டிலையும் எடுத்துப் போக வேண்டுமா என்று கேட்டாள். எடுத்துப் போகச் சொன்னேன், தாளையும் சேர்த்து.